தில்லைநாதன் அண்ணன் மன்னிப்பு கேட்காத ஆடி மாதம்

எங்கள் முதலாளி தில்லைநாதன் அண்ணன் இதுவரை எத்தனை பேரிடம் மன்னிப்பு கேட்டிருப்பார் என்று கணக்கெடுக்கப் போனால், சிதம்பரம் நகராட்சியில் இருக்கிற ஆள் போதாது. கீழவீதி பக்கம் ஒரு சந்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். முப்பது வருஷம். அதில் பதிமூன்று வருஷமாக ஆல்பம் டிசைன் செய்வது நான், இசைவாணி. பாஸ்போர்ட் போட்டோவில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால், மூடியவர் சும்மா இருப்பார். இவர்தான் மன்னிப்பு கேட்பார். கரண்டு போனால் மின்வாரியத்துக்காகக் கேட்பார். ஒரு தடவை நிச்சயதார்த்தத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த குடும்பம், கல்யாணமே நின்றுபோய்விட்டது என்று சொல்ல வந்தது. "எங்க பக்கம் ஏதாச்சும் கொறை இருந்தா மன்னிச்சிக்குங்க" என்றார். ஏதோ இவர் கேமரா பிளாஷ் அடித்துத்தான் மாப்பிள்ளைக்கு மனம் மாறியது போல.

எனக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். "அண்ணே, நீங்க செஞ்ச தப்புக்கு மட்டும் கேட்டா போதாதா?" என்பேன். "வாய் வார்த்தைதானம்மா, காசா பணமா" என்பார். அந்த வாய் வார்த்தைக்கு ஒருவர் ஐந்து லட்சம் விலை போட்டார். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் தொழிலில் ஆடி மாதம் என்றால் ஈ ஓட்டும் மாதம். கல்யாணம் கிடையாது, நிச்சயம் கிடையாது. அதனால் அண்ணன் இரண்டு வேலைகளை ஆடிக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார். ஒன்று, டெலிவரி கொடுத்து முடித்த கல்யாணங்களின் ஹார்டு டிஸ்குகளை அழித்து அடுத்த முகூர்த்தத்துக்குத் தயார் செய்வது. இரண்டாவது, எதையும் ஆரம்பிக்காமல் இருப்பது. புது பில் புத்தகத்தைக்கூட ஆடியில் பிரிக்க மாட்டார். நடராஜர் படத்துக்குக் கீழே ஒரு பலகை இருக்கிறது. ஆடியில் வரும் புதுச் சாமான் எதுவானாலும் குங்குமம் வைத்து அந்தப் பலகையில் ஏற்றிவிடுவார். ஆவணி பிறந்ததும் இறக்குவார்.

ஆடி பதினாறு, வெள்ளிக்கிழமை. படத்தைத் துடைக்கலாம் என்று பலகையை இழுத்தேன். பில் புத்தகம், ஒரு டஜன் பேட்டரி, அவற்றுக்கு அடியில் ஒரு நீளமான கவர். பதிவுத் தபால். நடுவில் குங்குமப் பொட்டு. அனுப்புநர் பெயரைப் படித்தேன்: தேவசகாயம், வழக்கறிஞர், மஞ்சக்குப்பம், கடலூர்.

"இன்னா அண்ணே இது?"

"அதுவா? ஆடி ஆறாந்தேதி வந்துச்சு. செவ்வாக்கெழம. தபால்காரர் கையெழுத்து கேட்டார், போட்டேன்."

"பிரிக்கலையா?"

"ஆடியில எப்புடிம்மா பிரிக்கிறது? அதுவும் வக்கீல் கவர். ஆவணி ஒண்ணாந்தேதி நல்ல நேரமாப் பாத்து பிரிக்கலாம்னு வச்சேன்."

வக்கீல் நோட்டீசுக்கு நல்ல நேரம் பார்த்த ஒரே ஆள் தமிழ்நாட்டிலேயே இவராகத்தான் இருப்பார். நான் நேரம் பார்க்கவில்லை. அங்கேயே கிழித்தேன்.

நோட்டீசை அனுப்பச் சொன்னவர் செந்தமிழ்செல்வன். திருப்பாதிரிப்புலியூரில் ஹார்டுவேர் கடை. வைகாசியில் அவர் மகள் ஸ்ரீமதியின் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்தோம். வீடியோவில் தாலி கட்டும் தருணத்தில் மணமக்களுக்குப் பதிலாக "பட்டுச்சட்டை அணிந்த ஒரு நபரின் பருத்த முதுகு" மட்டுமே தெரிகிறதாம். இது சேவைக் குறைபாடாம். கட்சிக்காரருக்கு மீளாத மன உளைச்சலாம். வாங்கிய தொகை முழுவதையும், மன உளைச்சலுக்கு ஐந்து லட்சத்தையும், கிடைத்த பதினைந்து நாளுக்குள் தராவிட்டால் கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. கடைசிக்கு முந்தின பாராவில்தான் பெரிய வெடி இருந்தது. "தங்கள் வாட்ஸ்அப் குரல் பதிவில், 'தப்பு எங்க மேலதான் சார், எதுவானாலும் பேசிக்கலாம்' என்று தவறைத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளீர்கள்."

"இப்படி அனுப்புனீங்களா?"

"போன்ல ரொம்ப கத்துனாரும்மா. பாவமா இருந்துச்சு. வழக்கமா சொல்றதுதானே."

"வீடியோவப் பாத்துட்டு சொன்னீங்களா, பாக்காமயா?"

"பாக்காமதான்."

எடிட்டிங்கை நாங்கள் புதுச்சேரியில் ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம். அவர் அனுப்புவதை அண்ணன் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவார். ஆனால் மன்னிப்பை மட்டும் வெளியில் கொடுக்க மாட்டார், சொந்தக் கையால் தயாரிப்பார். எங்களிடம் இருக்கிற மூன்று கேமராவையும், என்னையும் சேர்த்து விற்றாலும் ஐந்து லட்சம் தேறாது. கடையே போய்விடும் என்று எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.

அதற்குள் அண்ணனின் மச்சான் காத்தவராயன் வந்து சேர்ந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பத்து வருஷமாக மற்றவர்கள் பத்திரங்களை நகல் எடுத்ததில் சட்டம் முழுவதும் தனக்குள் இறங்கிவிட்டதாக அவருக்கு நினைப்பு. "மாமா, வரவே இல்லன்னு சொல்லிடு. தபால் எங்கயோ தொலஞ்சிடுச்சின்னா அவன் இன்னா பண்ணுவான்?"

"கையெழுத்து போட்டிருக்காரு" என்றேன்.

"அது என் கையெழுத்தே இல்லன்னு சொல்லட்டும்."

இவர் பேச்சைக் கேட்டால் நுகர்வோர் ஆணையத்தோடு முடியாது, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகலாம். நான் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வக்கீல் வெண்மதி மேடம் ஆபீசுக்குப் போனேன். கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருக்கிறது. அவர் கல்யாண ஆல்பத்தை நான்தான் செய்தேன், அந்தப் பழக்கம்.

மேடம் முதலில் கேட்டது நோட்டீசை இல்லை. "கவர் எங்க?"

கிழிந்த கவரை எடுத்துக் கொடுத்தேன். குங்குமத்தைப் பார்த்தார். அதிலிருந்த பதிவு எண்ணை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். "ஜூலை இருபத்திரண்டு டெலிவரி ஆயிருக்கு. பதினஞ்சு நாள்னா ஆகஸ்டு ஆறு, புதன்கெழம. இன்னிக்கு ஒண்ணு. பத்து நாள் சாமி பாத்துக்கிட்டார், மிச்சம் அஞ்சு நாள நாம பாத்துக்கலாம்."

"பதில் போடலன்னா ஜெயில்ல போட்டுடுவாங்களா மேடம்?" என்றார் அண்ணன்.

"அதெல்லாம் கெடையாது. போடணும்னு கட்டாயம்கூட இல்ல. ஆனா பேசாம இருந்தா நாளைக்கு ஆணையத்துல, 'சொன்னது அத்தனையும் உண்ம, அதான் வாயத் தொறக்கல'ன்னு வாதாடுவாங்க. அந்த எடத்த நாம குடுக்கக் கூடாது."

பிறகு வரிசையாகச் சொன்னார். செந்தமிழ்செல்வனுக்குப் போன் பண்ணக் கூடாது. வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது, பழையதை அழிக்கவும் கூடாது. நேரில் போகக் கூடாது. இனி பேச்சு வக்கீலுக்கு வக்கீல்தான். புக்கிங் பாரம், பில், டெலிவரி கொடுத்த தேதி, கல்யாணத்தில் எடுத்த மொத்த வீடியோவும் வேண்டும். "எடிட் பண்ணதில்ல. கேமராவுல விழுந்தது அப்படியே."

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். "அண்ணே, அந்த டிஸ்க்?"

"அழிக்கிற டப்பாவுல போட்டேன். நாளைக்கு அழிக்கலாம்னு."

நான் அப்போதே ஓடிவந்து அந்த டப்பாவைத் தூக்கி என் வண்டிக்குள் பூட்டி வைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணனின் சோம்பேறித்தனத்துக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சனிக்கிழமை காலை கடைக்கு வந்தால் அண்ணனைக் காணோம். பக்கத்துப் பழக்கடைக்காரர் சொன்னார்: "மூணு கிலோ ஆப்பிள் வாங்குனாரும்மா. ஒரு தட்டு, வெத்தலபாக்கு. கடலூர் போறேன்னாரு."

எங்கள் பக்கத்துப் பழக்கம் இது. எந்தத் தகராறானாலும் தட்டில் பழம் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றால் பாதிக் கோபம் இறங்கிவிடும். பங்காளிச் சண்டைக்கு நல்ல மருந்து. ஆனால் பழத்தட்டோடு போய் நின்று, "தப்பு எங்களோடதுதான்" என்று இவர் சொல்ல, அதை அவர்கள் வீட்டில் யாராவது போனில் எடுத்தால்? நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மேடத்திடம் சொன்னேன். மேடம் கூப்பிட்டதும் எடுத்துவிட்டார். வக்கீல் என்றால் மரியாதை.

"எங்க இருக்கீங்க?"

"பஸ்ல மேடம். புதுச்சத்திரம் தாண்டப் போவுது."

"எறங்குங்க."

"டிக்கெட்டு கடலூர் வரைக்கும்..."

"எறங்குங்க தில்லைநாதன்."

புதுச்சத்திரத்தில் இறங்கி, எதிர் பஸ் பிடித்துப் பதினொரு மணிக்குத் தட்டோடு திரும்பி வந்தார். கண்டக்டரிடமும் மன்னிப்பு கேட்டாராம். அந்த ஆப்பிளை ஒரு வாரம் தின்றோம்.

ஆடிப்பெருக்கு ஞாயிறு. ஊரே ஆற்றுப் பக்கம் போக, நாங்கள் இரண்டு பேரும் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு டிஸ்கைப் போட்டோம். முதல் கேமராவில் அந்த முதுகு. சந்தன நிறப் பட்டு. நோட்டீசில் பொய்யில்லை, நிஜமாகவே பருத்த முதுகு. கெட்டிமேளம் தொடங்கியதிலிருந்து முடியும் வரை அசையவில்லை. பக்கவாட்டில் நின்ற இரண்டாவது கேமராவை, புதுச்சேரிக்காரர் உட்பட அதுவரை யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. அதில் அந்த முதுகுக்குச் சொந்தக்காரர் நடந்து வருகிறார். கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி, எங்கள் கேமராமேனைக் கையால் ஒதுக்கிவிட்டு, நேராக மணவறைக்கு முன்னால் போய் நிற்கிறார்.

பெண்ணின் அப்பா. நோட்டீஸ் அனுப்பிய அதே செந்தமிழ்செல்வன்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். "அவரு முதுகுக்கு நாம அஞ்சு லட்சம் தரணுமாம் அண்ணே."

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம்மா. அவருக்கே தெரியாதுபோல" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது சொல்லுங்கள்.

திங்கட்கிழமை மேடம் ஆபீசில் பதில் தயாரானது. தயாரானது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நடந்தது ஒரு குடுமிப்பிடிச் சண்டை. நான் எழுதிக்கொண்டு போனதில் முதல் வரியே, "உங்கள் கட்சிக்காரர் கண்ணாடியில் தன் முதுகைப் பார்த்துக்கொள்ளட்டும்." அண்ணன் எழுதிவந்தது, "தங்கள் மனம் புண்பட்டிருந்தால் முதற்கண் மன்னிக்கவும்." மேடம் இரண்டையும் வாங்கி, இரண்டின் மேலும் டீ கிளாசை வைத்தார்.

"இவுங்க எழுதுனது சண்ட. நீங்க எழுதுனது சரண்டர். ரெண்டும் நாளைக்கு ஆணையத்துல படிக்கப்படும். அங்க உக்காந்து படிக்கிறவுங்களுக்கு நம்ம கோவமும் வேணாம், நம்ம பணிவும் வேணாம். என்ன நடந்துச்சு, அதுக்கு என்ன ஆதாரம், அவ்ளோதான்."

"அந்த வாய்ஸ் மெசேஜ மட்டும் நான் அனுப்பலன்னு எழுதிடலாமா? மச்சான் சொன்னான்" என்றார் அண்ணன் மெதுவாக.

"பொய் எழுத மாட்டேன். அனுப்புனது அனுப்புனதுதான். ஏன் அனுப்புனீங்கன்னு எழுதலாம்."

கடைசியில் வந்த பதிலை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். செந்தமிழ்செல்வனுக்கு இல்லை, அவருடைய வக்கீலுக்கு எழுதியது. நோட்டீஸ் கிடைத்த தேதி முதலில். இந்தப் பதிலில் வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளப்படாத குற்றச்சாட்டுகள் அனைத்தும் மறுக்கப்படுகின்றன என்று ஒரு வரி. பிறகு பாராவுக்குப் பாரா பதில். கல்யாணத்தை எடுத்தது உண்மை, ஒப்புக்கொண்டபடி இரண்டு கேமரா வைத்தது உண்மை, சேவைக் குறைபாடு என்பது மறுக்கப்படுகிறது. குரல் பதிவைப் பற்றி, "அது பதிவுகளைப் பார்வையிடும் முன், வாடிக்கையாளரிடம் வழக்கமாகக் காட்டும் மரியாதையின் பேரில் பேசப்பட்டதே தவிர, எந்தத் தவறையும் ஏற்றுக்கொண்டதாகாது." புக்கிங் பாரத்தின் பின்பக்கம், கேமராவை விருந்தினர் மறைத்தால் ஸ்டுடியோ பொறுப்பல்ல என்று எறும்பு சைசில் ஒரு வரி உண்டு, அதன் நகலையும் வைத்தார். "இத மட்டும் நம்பி நிக்க முடியாது. நம்ம பலம் வீடியோதான்" என்றார்.

முதுகைப் பற்றிய வரி இதுதான்: "மேற்படி காட்சியில் காணப்படும் நபர் யார் என்பதை, பாதுகாப்பாக வைக்கப்பட்டுள்ள அசல் பதிவுகளைத் தங்கள் கட்சிக்காரர் தங்களுடன் நேரில் வந்து பார்வையிட்டு அறிந்துகொள்ளலாம்." என் கோபம் அத்தனையும் அந்த வரிக்குள் இருந்தது, ஆனால் ஒரு இடத்திலும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. கடைசியில், எங்கள் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல், நல்லெண்ணத்தின் பேரில் மட்டும், இரண்டாவது கேமராவின் முழுப் பதிவையும் இலவசமாகத் தரத் தயார் என்றும், நோட்டீசைத் திரும்பப் பெறக் கோருகிறோம் என்றும் முடித்திருந்தார்.

அண்ணன் படித்து முடித்து நிமிர்ந்தார். "கடைசியில ஒரே ஒரு 'வருந்துகிறோம்' போட்டுக்கலாமா மேடம்? சின்னதா."

"கூடாது."

செவ்வாய்க்கிழமை மதியம் கையெழுத்தாகி வந்தது. மூன்று மணி. "ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு. நாலரைக்கு மேல போவலாம்" என்றார் அண்ணன். நாலரைக்குத் தபால் கவுன்டர் இருக்குமா என்று யார் உத்தரவாதம் தருவது? கவரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனேன். ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, ராகு காலம். மூன்றையும் சேர்த்து மூன்றே காலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன், ஒப்புகை அட்டையோடு. நோட்டீஸ் தாளில் இருந்த மின்னஞ்சலுக்கு மேடம் அன்றைக்கே ஒரு பிரதி அனுப்பினார். கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம். ரசீதை அண்ணன் குங்குமம் வைத்துப் பலகையில் வைத்தார். பக்கத்தில் ஒரு ஆப்பிளை நான் வைத்தேன்.

அடுத்த வாரம் தேவசகாயம் சார் மேடத்துக்குப் போன் செய்து, பார்வையிட வருகிறோம் என்று நாள் குறித்தார். முந்தின நாள் மேடம் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டீ குடுக்கலாம். மன்னிப்பு குடுக்கக் கூடாது."

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கடைக்கு வந்தார்கள். செந்தமிழ்செல்வன் முகத்தில் கடுகடுப்பு. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. தேவசகாயம் சார் பொறுமையான மனிதர், டீயை வாங்கிக்கொண்டார். மேடம் ஓரமாக உட்கார்ந்தார். அண்ணனின் வாய் துடிப்பதை நான் பார்த்தேன். பாவம், வெற்றிலை போட்டுப் பழகியவர் வெற்றிலையை விட்ட முதல் நாள் மாதிரி இருந்தார். நான் இரண்டாவது கேமராவைப் போட்டேன்.

திரையில் செந்தமிழ்செல்வன் நடந்து வந்தார். போனை உயர்த்தினார். கேமராமேனை ஒதுக்கினார். நின்றார். கடைக்குள் நின்ற செந்தமிழ்செல்வன் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இப்ப பேசுய்யா' என்று எனக்கு உள்ளே குதித்தது. எத்தனை நாளாகக் காத்திருந்தேன் இதற்கு.

கெட்டிமேளம் எழுந்தது. அட்சதை போட எல்லாக் கையும் மேலே போய் மேடையே மறைந்தது. கைகள் இறங்கியபோது தாலி ஏறியிருந்தது. ஸ்ரீமதி தலையை நிமிர்த்தினாள். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். அப்பாவைக் கண்டுபிடித்தாள். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் போன் இருந்தது. அந்தப் போனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னொரு தரம் போடும்மா" என்றார் அவர். போட்டேன். இந்தத் தடவை உட்கார்ந்துவிட்டார்.

"சிங்கப்பூர்ல எங்க அண்ணன் இருக்காரு. அவருக்கு லைவ் காட்டுனேன். நடுவுல நெட்டு கட்டாயிடுச்சு. அவரும் பாக்கல." கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நானும் பாக்கல. நெட்டு வருதா, வருதான்னு போனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். வீடியோவுலயாச்சும் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

தேவசகாயம் சார் சட்டென்று அவர் தோளைத் தொட்டார். "செல்வன் சார், இப்ப எதுவும் சொல்ல வேணாம். ஆபீஸ்ல போய் பேசிக்கலாம்." அந்தப் பக்கத்து வக்கீலும் அதே பாடத்தைத்தான் படித்திருக்கிறார். ஆனால் அவர் கட்சிக்காரர் கேட்கிற நிலையில் இல்லை.

எனக்குள் குதித்துக்கொண்டிருந்தது எங்கே போனதென்று தெரியவில்லை. நோட்டீசைத் திரும்பப் பெறுவதாக அவர்கள் கடிதம் ஆவணி முதல் வாரம் வந்ததும், அதை நாங்கள் அந்த நிமிஷமே பிரித்துப் படித்து பைலில் வைத்ததும் பிறகு நடந்தது. எனக்கு இந்தக் கதை அன்றைக்கே முடிந்துவிட்டது.

செந்தமிழ்செல்வன் எழுந்து அண்ணனுக்கு நேராக வந்து நின்றார். "தப்பு என்னோடதுதாங்க. மன்னிச்சிக்குங்க" என்றார்.

பதிமூன்று வருஷத்தில் அந்தக் கடைக்குள் அந்த வார்த்தையை அண்ணன் வாயிலிருந்து தவிர வேறு யார் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. அண்ணன் மேடத்தைப் பார்த்தார். மேடம் டீ கிளாசைப் பார்த்தார். கடைசியில் அண்ணன் என் பக்கம் குனிந்து, அவருக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"இதுக்கு இன்னாம்மா சொல்லணும்?"